சரக்கு காத்திருக்கிறது: நினைவூட்டல் கடிதமும் கிடங்கு வாடகைக் கணக்கும்

கேள்வி

ஐயா, வணக்கம். டர்பனில் சிறிய அளவில், சென்னையிலிருந்து கூட்டுக் கண்டெய்னரில் பலருக்கும் சரக்கு வரவழைத்துக் கொடுக்கிறேன். ஒரு கோவில் நிர்வாகக் குழுவின் பித்தளை விளக்குகளும் பாத்திரங்களும் நான்கு பாலட்டுகளாக, 7.2 கன மீட்டர், 3,100 கிலோ, சுங்கம் முடிந்து நவம்பர் 3ஆம் தேதி என் கிடங்கில் இறங்கின. 10ஆம் தேதி குழுவின் செயலாளருக்கு ‘உங்கள் சாமான் வந்துவிட்டது, எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் எழுதினேன். ‘நன்றி’ என்று பதில் வந்தது. இன்று டிசம்பர் 8, இன்னும் யாரும் வரவில்லை. அவர்கள் கையெழுத்திட்ட படிவத்தில் ‘14 நாள் இலவசம், அதன்பின் கன மீட்டருக்கு நாளொன்றுக்கு 12 ராண்டு’ என்று இருக்கிறது. நவம்பர் 17 முதல் 22 நாள் கணக்கிட்டு, வாட் சேர்த்து 2,185.92 ராண்டுக்கு பில் அனுப்பினேன். ‘கோவிலுக்கே வாடகையா?’ என்று கோபித்துக்கொண்டார்கள். எப்படி நினைவூட்டி எழுதுவது? பணம் தராவிட்டால் சாமானை விற்றுவிடலாமா? டிசம்பர் 19 மாலை கிடங்கை மூடினால் ஜனவரி 5ஆம் தேதிதான் திறப்பேன்.

பதில்

அன்புடையீர், வணக்கம்.

உங்கள் வாடிக்கையாளருக்கு முதலில் போய்ச் சேர்ந்தது பில்தான். இலவச நாட்கள் எந்தத் தேதியோடு முடிகின்றன, அதன்பின் ஒரு நாளைக்கு எவ்வளவு ஏறும், எடுக்க வரும்போது என்ன கொண்டுவர வேண்டும் என்று எதுவும் அதற்கு முன் அவர்களிடம் எழுத்தில் சொல்லப்படவில்லை. திடீரென்று ஒரு தொகையைப் பார்ப்பவர், அது நியாயமான தொகையாகவே இருந்தாலும், தண்டம் விதித்ததாகத்தான் எடுத்துக்கொள்வார். கோவில் என்பதால் அந்தக் கோபம் கூடுதலாக வெளிப்பட்டிருக்கலாம். ஆனால் துணிக்கடைக்காரராக இருந்தாலும் கேள்வி எழுந்திருக்கும். இப்போது நீங்கள் எழுதும் கடிதம் முன்பே சொல்லியிருக்க வேண்டியதை எல்லாம் சொல்லியாக வேண்டும், அதற்கு முன் கணக்கு சரியாக இருக்க வேண்டும். உங்கள் பில்லில் இரண்டு இடங்களில் கணக்கு நிற்காது. அவற்றைத் திருத்திவிட்டுத்தான் கடிதத்துக்குப் போகலாம்.

முதலாவது, தொடக்க நாள். சரக்கு இறங்கிய நவம்பர் 3ஆம் தேதியையே முதல் நாளாக வைத்து 14 நாட்களை எண்ணியிருக்கிறீர்கள். படிவத்தில் ‘14 நாள் இலவசம்’ என்று மட்டும்தான் இருக்கிறதே தவிர, எந்த நாளிலிருந்து என்று இல்லை. ஒப்பந்த வாசகம் இரண்டு பொருள் தரும்படி இருந்து, வேறு எந்த வழியிலும் ஐயம் தீராவிட்டால், அதை எழுதியவருக்குப் பாதகமாகவே பொருள் கொள்வது தென்னாப்பிரிக்க நீதிமன்றங்களின் வழக்கம். படிவத்தை எழுதியவர் நீங்கள். அதைவிட முக்கியமாக, இலவச காலம் கொடுப்பதே வாடிக்கையாளர் வண்டி பிடிக்கவும் ஆள் ஏற்பாடு செய்யவும் இடம் ஒழித்து வைக்கவும்தான். சரக்கு வந்ததே தெரியாமல் அவர் கழித்த ஒரு வாரத்தை அந்த அவகாசத்தில் எப்படிச் சேர்க்க முடியும்? துறைமுக முனையங்களில் கப்பலிலிருந்து இறங்கிய கணக்கில் நாட்களை எண்ணுகிறார்களே என்று நீங்கள் கேட்கலாம். அங்கே விதிகள் முன்கூட்டியே வெளியிடப்பட்டிருக்கின்றன, கப்பல் வரும் நாளைக் கவனித்துக்கொண்டிருப்பதற்கென்றே ஏஜெண்டுகளும் இருக்கிறார்கள். உங்கள் கிடங்குக்குள் என்ன வந்து இறங்கியது என்பது நீங்கள் சொன்னால்தான் வெளியே தெரியும்.

ஆகவே நவம்பர் 10ஆம் தேதி அனுப்பிய செய்திதான் உங்கள் அறிவிப்பு. அது சுருக்கமானதுதான், ஆனாலும் சரக்கு வந்துவிட்டதையும் எடுக்கலாம் என்பதையும் சொல்கிறது, பதிலும் வந்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பியதால் அது செல்லாது என்று யாரும் சொல்ல முடியாது, ஏனெனில் 2002ஆம் ஆண்டின் மின்னணுத் தகவல் தொடர்பு மற்றும் பரிவர்த்தனைச் சட்டம், ஒரு செய்தி மின்னணு வடிவில் இருப்பதையே காரணமாகக் காட்டி அதைத் தள்ளுவதை அனுமதிப்பதில்லை. அந்த உரையாடலைப் படமெடுத்துச் சரக்கின் கோப்பில் வைத்துவிடுங்கள், தொலைபேசி மாறினால் அது போய்விடும்.

அறிவித்த நாளை விட்டு மறுநாளிலிருந்து எண்ணுவதே பொருத்தமானது. 1957ஆம் ஆண்டின் விளக்கச் சட்டம் சட்டங்களில் வரும் நாட்களை இப்படித்தான் எண்ணச் சொல்கிறது: முதல் நாளை விட்டுவிட வேண்டும், கடைசி நாளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், கடைசி நாள் ஞாயிறாகவோ பொது விடுமுறையாகவோ அமைந்தால் அதையும் விட்டுவிட வேண்டும். அந்தச் சட்டம் உங்கள் படிவத்தைக் கட்டுப்படுத்தாது என்றாலும், படிவம் பேசாத இடத்தில் இந்த முறையைக் கைக்கொண்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அதன்படி நவம்பர் 11 முதல் நாள், 24ஆம் தேதி திங்கட்கிழமை பதினான்காம் நாள், 25ஆம் தேதி செவ்வாய்க்கிழமை வாடகை தொடங்கும் நாள். படிவத்தில் வேலை நாள் என்று இல்லாததால் சனி, ஞாயிறும் எண்ணிக்கையில் சேரும். இலவச நாட்களில் எப்படிச் சேர்த்தோமோ அப்படியே வாடகை நாட்களிலும் சேர்க்க வேண்டும். எடுத்துச் செல்லும் நாளை எண்ணுவதா என்பதையும் படிவம் சொல்லவில்லை. அந்த ஒரு நாளை விட்டுக்கொடுத்துவிடுங்கள் என்பதே என் கருத்து. அன்று காலையிலேயே வண்டி வந்து நிற்கும்போது அந்த நாளுக்கும் சேர்த்துப் பணம் கேட்டால், மற்றதெல்லாம் நல்லபடியாக முடிந்த இடத்தில் வீணாக ஒரு வாக்குவாதம் மிஞ்சும்.

இரண்டாவது, வாட். இதைப் பலரும் கவனிப்பதில்லை. 1991ஆம் ஆண்டின் வாட் சட்டப்படி, பதிவு பெற்ற வணிகர் சொல்லும் விலையில் வரி அடங்கியிருப்பதாகவே கொள்ளப்படும். உங்கள் படிவம் 12 ராண்டு என்று மட்டும் சொல்கிறது, வாட் தனி என்று சொல்லவில்லை. எனவே அந்த 12 ராண்டுக்குள்ளேயே 15 சதவீத வரியும் இருக்கிறது. மேலே தனியாகச் சேர்க்க உங்களுக்கு உரிமையில்லை. வரித்துறைக்குச் செலுத்த வேண்டியதை உங்களுக்கு வரும் தொகையிலிருந்தே, அதாவது 115இல் 15 பங்காக, எடுத்துச் செலுத்த வேண்டியிருக்கும்.

இந்த இரண்டையும் திருத்தினால் கணக்கு எளிதாகிவிடுகிறது. 7.2 கன மீட்டரை 12 ராண்டால் பெருக்கினால் ஒரு நாளைக்கு 86.40 ராண்டு. நவம்பர் 25 முதல் இன்று டிசம்பர் 8 வரை 14 நாட்கள். ஆக 1,209.60 ராண்டு, வாட் உள்பட. நீங்கள் அனுப்பிய பில்லுக்கும் இதற்கும் ஏறக்குறைய ஆயிரம் ராண்டு வேறுபாடு இருக்கிறது. அந்த பில் வாட் பில்லாக வெளியே போயிருப்பதால் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறொன்று எழுதக் கூடாது. முழுத் தொகைக்கும் ஒரு கிரெடிட் நோட் போட்டு அதை ரத்து செய்யுங்கள்; சரக்கை எடுக்கும் நாளில் சரியான தொகைக்குப் புதிய பில் போடலாம். கிரெடிட் நோட்டில் பழைய பில்லின் எண்ணும் தேதியும், ரத்து செய்வதன் காரணமும் இருக்க வேண்டும்.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 7.2 என்பது 1.2 மீட்டருக்கு 1 மீட்டர் பாலட்டில், மரச்சட்டத்தின் அடியிலிருந்து 1.5 மீட்டர் உயரத்துக்கு அடுக்கிய நான்கு பாலட்டுகளின் அளவாக இருக்கும் என்று கொள்கிறேன். கப்பல் கூலியும் இதே அளவின்மேல்தான் வாங்கினீர்களா என்று ஒருமுறை பாருங்கள். கூலிக்குப் பெட்டிகளை மட்டும் அளந்து, வாடகைக்குப் பாலட்டோடு சேர்த்து அளந்திருந்தால் வாடிக்கையாளரிடம் உள்ள இரண்டு தாள்களில் இரண்டு அளவு இருக்கும். அப்படியானால் சிறிய அளவையே எடுத்துக்கொண்டு கணக்கை மாற்றுங்கள்.

இனி கடிதம். செயலாளருக்கு மட்டும் அனுப்பாமல், படிவத்தில் எந்தப் பெயரில் ஒப்பந்தம் இருக்கிறதோ அந்த நிர்வாகக் குழுவின் பெயருக்கு எழுதி, தலைவர், செயலாளர், பொருளாளர் மூவருக்கும் பிரதி அனுப்புங்கள். ஒருவருடைய தொலைபேசிக்குப் போன செய்தி குழுக் கூட்டத்துக்கு வராமலே போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்போது பணம் கொடுக்க அதிகாரம் உள்ளவர் இந்த வாடகையைப் பற்றி முதன்முதலாகக் கேள்விப்படுவது பில் வரும் அன்றுதான். கீழே தமிழில் தருகிறேன். இங்குள்ள குழுக்களில் தமிழ் பேசினாலும் எழுத்து வாசிக்காதவர்கள் இருப்பார்கள் என்பதால் அதே செய்தியை ஆங்கிலத்திலும் சேர்த்து அனுப்புங்கள். இரண்டிலும் தேதிகளும் தொகைகளும் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுத் தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்களுக்கு வணக்கம்.

பொருள்: எங்கள் கிடங்கில் உள்ள தங்கள் நான்கு பாலட் சரக்கு

சென்னையிலிருந்து தங்களுக்காக வந்த பித்தளை விளக்குகளும் பாத்திரங்களும் சுங்க அனுமதி முடிந்து எங்கள் கிடங்கில் நான்கு பாலட்டுகளில் உள்ளன. பேக்கிங் லிஸ்ட்டும், இன்று காலை எடுத்த படங்களும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

சரக்கு வந்த செய்தியை நவம்பர் 10ஆம் தேதி செயலாளர் அவர்களுக்குத் தெரிவித்தோம். மறுநாள் முதல் 14 நாட்கள், அதாவது நவம்பர் 24ஆம் தேதி வரை, வாடகை எதுவும் இல்லை. தாங்கள் கையெழுத்திட்ட படிவத்தின்படி நவம்பர் 25ஆம் தேதி முதல் 7.2 கன மீட்டருக்கு நாளொன்றுக்கு 86.40 ராண்டு வாடகை சேர்ந்து வருகிறது. இதில் வாட் அடங்கும். எடுத்துச் செல்லும் நாளுக்கு வாடகை இல்லை.

டிசம்பர் 12ஆம் தேதி வெள்ளிக்கிழமை எடுத்தால் 17 நாட்களுக்கு 1,468.80 ராண்டு. டிசம்பர் 19ஆம் தேதி வெள்ளிக்கிழமை எடுத்தால் 24 நாட்களுக்கு 2,073.60 ராண்டு. முன்பு அனுப்பிய 2,185.92 ராண்டு பில்லில் தொடக்க நாளும் வரியும் தவறாக இருந்தன. அதை ரத்து செய்யும் கிரெடிட் நோட் இத்துடன் உள்ளது. அதற்காக வருந்துகிறோம்.

கிடங்கு திங்கள் முதல் வெள்ளி வரை காலை 8 மணி முதல் மாலை 4 மணி வரை திறந்திருக்கும். டிசம்பர் 16 பொது விடுமுறை. டிசம்பர் 19 மாலை மூடி, ஜனவரி 5 காலை திறப்போம். டிசம்பர் 20 முதல் ஜனவரி 4 வரை மூடியிருக்கும் நாட்களுக்கு வாடகை சேராது.

எடுக்க வருபவர் குழுவின் அதிகாரக் கடிதமும் தமது அடையாள அட்டையும் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு பாலட்டும் ஏறக்குறைய 775 கிலோ எடை இருப்பதால், நான்கையும் ஒரே முறையில் ஏற்ற 4 டன் லாரி தேவைப்படும். இங்கே ஃபோர்க்லிஃப்டில் ஏற்றித் தருவோம். இறக்கும் இடத்தில் ஃபோர்க்லிஃப்ட் இல்லையென்றாலோ, நாங்களே கொண்டுவந்து இறக்க வேண்டுமென்றாலோ தெரிவியுங்கள், அதற்கான கட்டணத்தை முன்கூட்டியே எழுதித் தருகிறோம்.

வரும் நாளை இந்த வியாழக்கிழமைக்குள் தெரிவித்தால் சரக்கை வாசலருகே எடுத்து வைத்திருப்போம்.

கடிதம் இவ்வளவுதான். இதில் ‘தயவுசெய்து விரைவில்’ என்ற சொற்களை நான் சேர்க்கவில்லை. விரைவில் என்றால் ஒருவருக்கு நாளை, இன்னொருவருக்கு அடுத்த கூட்டம் முடிந்தபின். வெள்ளிக்கிழமை எடுத்தால் இவ்வளவு, அதற்கடுத்த வெள்ளிக்கிழமை எடுத்தால் இவ்வளவு என்று இரண்டு தேதிகளையும் இரண்டு தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால், ஒரு வாரம் தள்ளிப்போட்டால் 604.80 ராண்டு கூடுகிறது என்பதைக் குழுவே கண்டுகொள்ளும். படிவத்தில் அவர்கள் கையெழுத்திட்ட பக்கத்தின் நகலையும் சேர்த்து அனுப்புங்கள், ஆனால் கடிதத்தில் அதைச் சுட்டிக் காட்டிக் குற்றம் சாட்டும் தொனி வேண்டாம்.

லாரியைப் பற்றிய வரியை இரண்டாவது முறை படித்துப் பாருங்கள், ஏனெனில் உங்கள் சரக்கு நகராமல் இருப்பதற்குக் காரணம் அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். கோவில் குழுவினரிடம் பெரும்பாலும் இருப்பது ஒரு டன் பக்கிதான். அதில் ஒரு நேரத்தில் ஒரு பாலட்டைத்தான் ஏற்ற முடியும், கோவிலில் அதை இறக்க ஃபோர்க்லிஃப்டும் இருக்காது. 775 கிலோ பாலட்டைப் பிரித்து, பெட்டி பெட்டியாகக் கையால் இறக்க நாலைந்து ஆட்கள் வேண்டும், அவர்கள் எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள், சனிக்கிழமைதான் வர முடியும், சனிக்கிழமை உங்கள் கிடங்கு மூடியிருக்கிறது. இப்படி ஒரு முட்டுக்கட்டை இருக்குமானால் எத்தனை நினைவூட்டல் எழுதினாலும் வண்டி வராது. கடிதம் போன மறுநாள் பொருளாளரை அழைத்து, எடுப்பதில் என்ன சிரமம் என்று கேளுங்கள். ஒரு சனிக்கிழமை காலை மட்டும் உங்களால் திறந்து வைக்க முடிந்தால் அதைச் சொல்லிவிடுங்கள். இந்தச் சிக்கல் அதிலேயே தீர்ந்துவிடவும் கூடும்.

தைப்பூசக் காவடிக்கு விளக்குகள் மட்டும் முதலில் வேண்டும் என்று கேட்டால் பாதிச் சரக்கை முதலில் கொடுக்கலாம். இரண்டு பாலட்டுகள் வெளியே போனால் மிச்சம் 3.6 கன மீட்டர். பிரித்து எடுத்துச் சென்ற நாளிலிருந்து வாடகை நாளொன்றுக்கு 43.20 ராண்டாகக் குறைய வேண்டும். அதுவரையிலான வாடகையை அப்போதே வாங்கிக்கொண்டு, எந்தப் பாலட் போனது, எது இருக்கிறது என்று இரு தரப்பும் கையெழுத்திட்ட சீட்டு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

கிடங்கை மூடும் நாட்களுக்கு வாடகை வேண்டாம் என்று உங்களைக் கேட்காமலே கடிதத்தில் எழுதிவிட்டேன். டிசம்பர் 20 முதல் ஜனவரி 4 வரை 16 நாட்கள், அதற்கு 1,382.40 ராண்டு வரும். சரக்கு உள்ளே இடத்தை அடைத்துக்கொண்டுதானே இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றலாம், அதில் நியாயமும் இருக்கிறது. வார இறுதி நாட்களை எண்ணுவதும் இதுவும் ஒன்றல்லவா என்றும் கேட்கலாம். வார இறுதிக்கு முன்னும் பின்னும் கதவு திறந்திருக்கிறது, வர நினைத்தவர் வெள்ளியிலேயே வரலாம். இரண்டு வாரத்துக்கு மேல் பூட்டு தொங்கும் கதவுக்கு முன்னால், பணத்தோடு வந்து நின்றாலும் ஒருவரால் சரக்கை எடுக்க முடியாது. அந்த நாட்களுக்கு வாங்குவதாக இருந்தால் அதை முதல் படிவத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் சொல்லியிருந்தாலும் நான் வாங்க மாட்டேன். 19ஆம் தேதியும் யாரும் வராமல் ஜனவரி 5ஆம் தேதி வந்தால், 19ஆம் தேதி வரையிலான 25 நாட்களுக்கு 2,160 ராண்டு வாங்குங்கள்.

கோவில் என்பதால் குறைத்துக்கொள்ளலாமா என்று நீங்கள் வெளிப்படையாகக் கேட்கவில்லை. ஆனால் கடிதத்தின் தயக்கத்தில் அது தெரிகிறது. குறைப்பது உங்கள் விருப்பம். குறைப்பதாக இருந்தால் முழுத் தொகையையும் முதலில் காட்டி, அதன்பின் இந்தத் தேதிக்குள் எடுத்தால் இவ்வளவு குறைக்கிறோம் என்று எழுத்தில் கொடுங்கள். எடுத்துக்காட்டாக 12ஆம் தேதிக்குள் எடுத்தால் பாதி என்றால் 734.40 ராண்டு. தேதி தாண்டினால் அந்தச் சலுகை இல்லை என்பதும் அதிலேயே இருக்கட்டும். ‘பார்த்துச் செய்வோம்’ என்று வாயால் சொன்னால், அவர்கள் அதை முழுத் தள்ளுபடி என்று எடுத்துக்கொண்டு நிதானமாக வருவார்கள், நீங்கள் வாங்கும் ஒவ்வொரு ராண்டும் வாக்குத் தவறியதாகவே அவர்களுக்குப் படும்.

விற்பதைப் பற்றி. கூடாது. ஒப்பந்தப்படி உங்களுக்கு வர வேண்டிய வாடகை வரும்வரை சரக்கைக் கையில் வைத்துக்கொள்ளும் பற்றுரிமை தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் உங்களுக்கு உண்டு. அந்த உரிமை சரக்கு உங்கள் கையில் இருக்கும் வரைக்கும்தான். மனமுவந்து எல்லாவற்றையும் ஏற்றி அனுப்பிவிட்டால் அது போய்விடும், பிறகு வாடகை வெறும் கடனாக நிற்கும். மேலே சொன்னபடி பாதியைக் கொடுக்கும்போது அதுவரையிலான பணத்தை வாங்கச் சொன்னதற்கும் இதுதான் காரணம். ஆனால் பற்றுரிமை என்பது வைத்துக்கொள்ளும் உரிமை மட்டுமே, விற்கும் உரிமை அதில் இல்லை. கையெழுத்திட்ட நிபந்தனைகளில் விற்பனைக்கு வெளிப்படையான இசைவு இல்லாமலும் நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமலும் விற்றால், பிறர் பொருளை விற்றவராக நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும். இரண்டாயிரம் ராண்டு வாடகைக்காக அதைப்போல் பல மடங்கு மதிப்புள்ள சரக்குக்கு ஈடு கொடுக்கும் நிலை வரலாம்.

வழக்கு என்று போவதாக இருந்தால் சிறு கோரிக்கை நீதிமன்றம் 20,000 ராண்டு வரை விசாரிக்கிறது, வழக்கறிஞர் இல்லாமலே போகலாம். ஆனால் அங்கே வழக்குத் தொடுக்கத் தனிமனிதர்களால்தான் முடியும். உங்கள் தொழில் கம்பெனியாகப் பதிவாகியிருந்தால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும், அங்கே ஆகும் செலவுக்கு இந்த வாடகை ஈடாகாது. உங்கள் நிலையில் அது தேவைப்படும் என்று நான் நினைக்கவில்லை. ஜனவரி 5க்குப் பிறகும் பதில் இல்லையென்றால், முன்பு எழுதிய தேதிகளைக் குறிப்பிட்டு, பணம் கட்டும்வரை சரக்கை விட முடியாது என்பதை மட்டும் தெளிவாகச் சொல்லி இரண்டாவது கடிதத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள்.

வாடகை வாங்கும் நாட்களில் சரக்கின் பொறுப்பு உங்களுடையது. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிறர் பொருளைக் கையில் வைத்திருப்பவர் அதைப் பொறுப்புள்ளவர் பார்த்துக்கொள்வதைப்போல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. டர்பனின் கோடை மழையும் ஈரக்காற்றும் அட்டைப்பெட்டிக்கு ஆகாது. அடிவரிசைப் பெட்டியின் மூலையைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் நல்லது. நனைந்த பிஸ்கட்டைப்போல் உள்ளே போனால் அந்தப் பெட்டி ஈரம் உறிஞ்சிவிட்டது, மேலே உள்ள எடையில் சில நாட்களில் நசுங்கி அடுக்கு ஒரு பக்கம் சாயும். பிளாஸ்டிக் சுற்றுத்தாளின் உட்புறம் நீர்த்துளி பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். பித்தளை அந்த ஈரத்தில் கறுத்து, இடுக்குகளில் பச்சைக் களிம்பு பிடிக்கும். அப்படித் தென்பட்டால் படமெடுத்து அன்றே குழுவுக்கு அனுப்பி, சுற்றுத்தாளின் மேற்பக்கத்தைத் திறந்து காற்றுப்பட விடலாமா என்று கேட்டு, அவர்கள் சம்மதத்தோடு செய்யுங்கள். சரக்கைச் சீக்கிரம் எடுக்க வேண்டிய காரணத்தை வாடகைத் தொகையைவிட அந்தப் படம் நன்றாக உணர்த்தும். ஆனால் இல்லாத சேதத்தை இருப்பதாகச் சொல்லிப் பயமுறுத்தக் கூடாது.

அடுத்த கண்டெய்னருக்கு முன் படிவத்தின் அந்த ஒற்றை வரியை மாற்றிவிடுங்கள். இப்படி எழுதலாம்: ‘சரக்கு எடுக்கத் தயாராக உள்ளது என்று எழுத்தில் அறிவித்த மறுநாள் முதல் 14 நாட்கள் வாடகை இல்லை, வார இறுதியும் பொது விடுமுறையும் இதில் அடங்கும், பதினான்காம் நாள் கிடங்கு மூடியிருந்தால் அடுத்த வேலை நாள் வரை இலவசம், அதன்பின் கன மீட்டருக்கு நாளொன்றுக்கு வாட் உள்பட 12 ராண்டு, எடுத்துச் செல்லும் நாளுக்கும், ஆண்டிறுதியில் கிடங்கு மூடியிருக்கும் நாட்களுக்கும் வாடகை இல்லை.’ இதைப் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் போடாமல், கையெழுத்திடும் இடத்துக்கு மேலேயே போடுங்கள். சரக்கு இறங்கிய அன்றே அறிவிப்பு போக வேண்டும், அதில் கடைசி இலவச நாள் தேதியாகவே இருக்க வேண்டும். அந்த நாளுக்கு மூன்று நாள் முன்பு ஒரு நினைவூட்டல், வாடகை தொடங்கும் காலையில் இன்னொன்று. இந்த முறை உங்கள் செய்தி ஏழு நாள் தாமதமாகப் போனதில் நீங்கள் இழந்தது ஏழு நாள் வாடகை, 604.80 ராண்டு.

கடிதத்தை இன்றே மின்னஞ்சலில் மூவருக்கும் அனுப்பிவிட்டு, அதன் படத்தைச் செயலாளருடனான அதே வாட்ஸ்அப் உரையாடலிலும் போட்டுவிடுங்கள். நாளை அனுப்புவதாக இருந்தால் ‘இன்று காலை எடுத்த படங்கள்’ நாளைக் காலை எடுத்தவையாக இருக்க வேண்டும்.